தார்ப்பாய்க்கு அடியில் கறுப்பு: 11 ஆடுகளின் மேனியைப் படம் பார்த்துக் கணித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மார்கழி கடைசியில் ஒரு நாள் காலை, சித்தப்பா மகன் என் போனுக்கு வரிசையாகப் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தான். எண்ணிப் பார்த்தால் 38 படம், 11 ஆடு. எல்லாம் சேலம் கருப்பு என்று ஏவாரி சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒரு குரல் பதிவு: "அண்ணே, மேனி எப்படி இருக்குன்னு மட்டும் பாத்து சொல்லுங்கண்ணே. ஆறு உருப்படி எடுக்கலாம்னு இருக்கேன். ஏவாரி அட்வான்ஸ் கேக்குறாரு."

நாங்கள் பாபநாசம் பக்கம். ஏவாரி பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் பட்டி வைத்திருப்பவர். ஆட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போக அலுப்புப்பட்டு, படத்தை வைத்தே முடித்துவிடலாம் என்று தம்பி நினைத்தான். எனக்கும் வீம்பு. வெள்ளாடு வைத்து இருபது வருஷம் ஓட்டியவன், ரோமத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேனா என்று ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எழுதியதும், இரண்டு வாரம் கழித்து அதே ஆடுகளை நேரில் பார்த்து எழுதியதும் அந்த நோட்டில் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன. இரண்டும் எங்கே ஒத்துப்போயின, எங்கே பிசகின, ஏன் பிசகின என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஆட்டில் மேனி பார்ப்பது அழகுக்காக அல்ல. ரோமம் ஒரே நாளில் வளர்வதில்லை. இன்று மேலே தெரியும் முடி, கடந்த சில மாதங்களாக அந்த ஆடு என்ன தின்றது, உடம்பில் என்ன புழுவைச் சுமந்தது என்பதன் பதிவு. சேலம் கருப்பில் இன்னொன்றும் உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பாக இருப்பதுதான் அந்த இனத்தின் முதல் அடையாளம். வேண்டுதலுக்குக் கிடா தேடி வருகிறவர்களும் ஒரு பொட்டு வெள்ளை இல்லாததைத்தான் கேட்பார்கள். ஆகவே நிறம் சீராக இருக்கிறதா என்பது இனத்துக்கும் விலைக்கும் சேர்த்தே கேட்கிற கேள்வி.

நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: அடர்த்தி, சுத்தம், நிறச்சீர். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். 11 ஆட்டுக்கும் சேர்த்து 33 தடவை மதிப்பெண் போட்டேன். கூட்டிப் பார்த்து 1, 2, 5, 7, 9, 11 ஆகிய ஆறையும் எடு என்று சொன்னேன். 4-ஐ பழுத்துப்போன மேனி என்று தள்ளினேன். 6-ன் கழுத்தில் வெள்ளை முடி தெரிந்தது. கலப்பு என்று எழுதித் தள்ளினேன். அதையெல்லாம் எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

தம்பி 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டான். குட்டியானையில் ஆட்டை ஏற்றிவிடச் சொல்லும் முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று அவன் மனைவிதான் பிடிவாதம் பிடித்தது. தை மூன்றாம் வாரம் கிளம்பினோம்.

பட்டியில் பார்த்தது

போனதும் முதலில் கண்ணில் பட்டது கூரை. கஜா புயலில் பழைய கொட்டகை போய்விட்டதாம். அதற்குப் பிறகு மூங்கில் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார், அதுவே நிலைத்துவிட்டது. உள்ளே நுழைந்தால் என் வெள்ளை வேட்டியே நீலமாகத் தெரிந்தது. அப்போதே எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே களத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். காலை ஒன்பது மணி, மர நிழலுக்கு வெளியே வானத்து வெளிச்சம். 7-ஆம் ஆடு தார்ப்பாயைத் தாண்டி வெளியே காலெடுத்து வைத்ததும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே கறுப்பாக நின்ற ஆடு, வெளியே துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. முதுகு, தொடை, கழுத்து எல்லாம் செம்பழுப்பு. கண்ணைச் சுற்றி மட்டும் வட்டமாக முடி வெளுத்துக் கண்ணாடி போட்டதுபோல இருந்தது. இதற்கு நிறச்சீரில் நான் போட்டிருந்தது ஐந்துக்கு ஐந்து.

நடந்தது இதுதான். பழுப்பு முடி திருப்பி அனுப்புவது பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள் ஒளியை. நீலத் தார்ப்பாய் அந்த ஒளியை உள்ளே விடாமல் நிறுத்திவிடுகிறது. திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாததால் பழுப்பும் கறுப்பாகவே நிற்கிறது. போன் கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்க்கும். ஆனால் அதற்கு ஒரு வெள்ளைப் பொருள் கண்ணில் பட வேண்டும். படத்தின் சட்டம் நிறையக் கறுப்பு ஆடும் நீலச் சாயலும் மட்டுமே இருந்தால் அது எதை வைத்துச் சரிசெய்யும்?

4-ஆம் ஆட்டுக்கு நேர் எதிராக நடந்தது. அதன் படங்களை மட்டும் ஏவாரியின் பையன் சாயங்காலம், வாய்க்கால் கரையில் கட்டி வைத்து எடுத்திருக்கிறான். சாய்ந்த வெயிலில் எந்தக் கறுப்பும் செம்மை பூசிக்கொள்ளும். அதோடு, கறுப்பு ஆடு சட்டத்தை அடைத்து நின்றால் கேமரா இடம் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகவும், பழுப்பு இன்னும் பழுப்பாகவும் வரும். நேரில் பார்த்தால் 4-ன் முதுகு மேட்டில் மட்டும் நுனி வெளுத்திருந்தது. முடியைப் பிரித்துப் பார்த்தேன். அடிமுடி கரிக்கட்டை. வெயிலில் மேய்ந்த ஆட்டுக்கு நுனி வெளுப்பது வழக்கம், அடுத்த முடி உதிர்ந்து முளைக்கும்போது போய்விடும். 11 ஆடுகளில் நான் முதலில் எடுத்திருக்க வேண்டியதைத்தான் முதலில் தள்ளியிருந்தேன்.

கறுப்பு பழுப்பாவதைப் பார்த்தவுடன் நோய் என்றும் சொல்லக்கூடாது, வெயில் என்றும் சொல்லக்கூடாது. எந்த இடத்தில் பழுத்திருக்கிறது, முடியின் எந்த மட்டத்தில் பழுத்திருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதுகு மேட்டிலும் கழுத்தின் மேல்பக்கமும் நுனி மட்டும் என்றால் வெயில். பின்தொடை, அடிவயிறு, முழங்கால் என்றால் சிறுநீரும் சாணமும் சேறும் ஊறிய கறை. கழுவினால் பாதியாவது போகும். வேர் வரை பழுத்து, கண்ணைச் சுற்றி வெளுத்து, முடி மினுமினுப்பில்லாமல் வறண்டிருந்தால் உள்ளே கோளாறு. இந்த மூன்றையும் முழு உடம்புப் படத்தில் பிரிக்க முடியாது. முடியைப் பிரித்து வேரைக் காட்டும் படம் ஒன்று இருந்திருந்தால் 4, 7 இரண்டிலும் நான் தப்பியிருப்பேன்.

6-ஆம் ஆட்டின் கழுத்து வெள்ளையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அது கயிறு அறுத்த தழும்பு. புண் ஆறிய இடத்தில் நிறம் செத்து வெள்ளை முடி முளைக்கும். கயிறு விழுகிற கோட்டில் வளையமாக, அடியில் தோல் தடித்து இருந்ததால் தடவியவுடன் தெரிந்துவிட்டது. கலப்பில் வரும் வெள்ளை பெரும்பாலும் நெற்றி, காதுநுனி, கால், வயிறு என்று வரும். கயிற்றுக் கோட்டில் வராது.

அடர்த்தியில் வாங்கிய அடி

நோட்டில் அதிகம் பிசகியது அடர்த்திதான். 11-ல் நான்கு மட்டுமே நேரில் போட்ட மதிப்பெண்ணோடு ஒத்தது. சுத்தத்தில் எட்டும் நிறச்சீரில் ஏழும் ஒத்திருந்தன. எனக்கு இது வியப்பு. நிறம்தான் ஏமாற்றும், அடர்த்தியைக் கண் பிடித்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

2-ம் 5-ம் படத்தில் புசுபுசுவென்று இருந்தன. இரண்டுக்கும் ஐந்து போட்டிருந்தேன். நேரில் மினுக்கமில்லாமல் முடி படிந்து கிடந்தது. ஆடு உடம்பைத் திருப்பும்போது விலாப்புறம் தோல் பளிச்சென்று தெரிந்தது. ஏவாரியிடம் எப்போது எடுத்த படம் என்று கேட்டேன். "மார்கழி மாசம், விடியக்காலம் ஒரு ஆறரை இருக்கும், பனி கொட்டுச்சு" என்றார். அதுதான். குளிரில் ஆடு முடியைச் சிலிர்த்து நிறுத்தும். ஒவ்வொரு முடியும் எழுந்து நின்றால் காற்று உள்ளே தங்கி உடம்பு சூடாகும். அப்போது குறைந்த முடியும் நிறைந்த முடிபோலக் காட்டும். காய்ச்சல் கண்ட ஆடும் இப்படித்தான் சிலிர்த்து நிற்கும் என்பதால் இதை வெறும் ஏமாற்று என்று விட்டுவிடவும் முடியாது.

திரும்பி வந்து பழைய படங்களை மறுபடி பார்த்தேன். தடயம் படத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. முதுகின் விளிம்பைக் கவனிக்க வேண்டும். முடி படிந்த ஆட்டில் முதுகுக்கோடு கத்தியால் கீறியதுபோல் வானத்துக்கு எதிரே தெளிவாக இருக்கும். தசை மேடுகளில் ஒளி ஒடுங்கிய பட்டையாக ஓடும். சிலிர்த்த ஆட்டில் விளிம்பு பஞ்சுபோலக் கலங்கியிருக்கும், ஒளிப்பட்டையே இருக்காது. 2-ன் மூன்று படங்களிலும் விளிம்பு கலங்கித்தான் இருந்தது. பின்னணியை மங்கலாக்கும் 'போர்ட்ரைட்' முறையில் எடுத்தால் இந்தத் தடயமும் போய்விடும். போன் தானே விளிம்பை வெட்டி மழுப்பிவிடும்.

3, 7, 8, 10 ஆகிய நான்கிலும் அடர்த்தி பிசகியதற்கு இவ்வளவு பெரிய காரணம் இல்லை. படம் நைந்திருந்தது. மங்கலான வெளிச்சத்தில் போன் புள்ளிகளை மழுப்பும். அந்தப் படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும்போது இன்னும் சுருங்கும். தனித்தனி முடி மறைந்து, பெயின்ட் அடித்ததுபோல் ஒரே வழவழப்பு வரும். அந்த வழவழப்பை நான் அடர்த்தி என்று படித்துவிட்டேன். அதே படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும். பெரிதாக்கிப் பார்த்து முடி முடியாகப் பிரிந்து தெரியவில்லை என்றால் அந்தப் படத்துக்கு அடர்த்தி மதிப்பெண்ணே போடக்கூடாது, காலியாக விட வேண்டும். காலியாக விட மனம் வராததுதான் என் தவறு.

குட்டை முடி ஆட்டில் அடர்த்தியைப் படத்தில் பார்க்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, முடியைப் பிரித்து எடுக்கும் படம். செம்மறி ரோமத்தை அளக்கிறவர்கள், சோதனைக்கு ரோமம் எடுப்பதற்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள்: கடைசியிலிருந்து மூன்றாவது விலா எலும்பின் மேல், முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவில். உடம்பின் சராசரியை ஓரளவு சொல்லும் இடம் அது. வெள்ளாட்டுக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். கூடவே தோள்பட்டையும் தொடையும். அக்குளும் உள்தொடையும் எல்லா ஆட்டுக்கும் இயல்பாகவே முடி குறைந்த இடங்கள், அங்கே பார்த்துவிட்டு ஆட்டைக் குறை சொல்லக்கூடாது.

இரண்டு கட்டைவிரலாலும் முடியை மெல்லப் பிரித்து, ஒரு சாண் தூரத்தில் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் அளவு தெரியும். தோல் தெரிகிற கோடு தீக்குச்சி கனத்துக்குள் இருந்தால் நான் நாலு, ஐந்து போடுவேன். சுண்டுவிரல் நகம் அகலத்துக்குத் தோல் தெரிந்தால் இரண்டுக்கு மேல் கிடையாது. இது ஏட்டில் உள்ள அளவுகோல் இல்லை, என் கைக்கணக்கு. அழுத்திப் பிரித்தால் எந்த ஆட்டிலும் கோடு அகலும் என்பதால் எல்லா ஆட்டையும் ஒரே ஆள், ஒரே நாளில் பிரிக்க வேண்டும். கோடையில் முடி உதிர்ந்து மெலியும், ஆகவே மார்கழிப் படத்தையும் சித்திரைப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் வீண்.

இந்தக் கைக்கணக்கு செம்மறிக்கு அப்படியே பொருந்தாது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஓட்டிவரும் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு இருப்பதும் முடிதான், கத்தரித்துக் கம்பளி நெய்யும் ரோமம் இல்லை. திருச்சி கருப்பில் ரோமம் உண்டு. ஆனால் அது முரட்டு ரோமம், இயல்பிலேயே இடைவெளி விட்டு வளரும். பிரித்தால் கோடு அகலமாகத்தான் தெரியும். அதை நீலகிரிச் செம்மறியின் மெல்லிய ரோமத்தோடு ஒப்பிட்டு 'அடர்த்தி குறைவு' என்று எழுதினால் தப்பு ஆட்டில் இல்லை. அந்தந்த இனத்தின் நல்ல ஆடு ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போட வேண்டும்.

சுத்தம் ஏன் கூடுதலாக இருந்தது

9-ஆம் ஆடு படத்தில் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது. சுத்தத்துக்கு ஐந்து, அடர்த்திக்கு நாலு போட்டிருந்தேன். நேரில் கையை வைத்தால் விரலில் எண்ணெய். அன்றைக்கும் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி நிறுத்தியிருந்தார். ஏவாரியைக் குறை சொல்லவில்லை, சந்தைக்குப் போகும் ஆட்டுக்கு யார்தான் தடவுவதில்லை. ஆனால் படத்தில் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எண்ணெய் தடவிய முடி தனித்தனியாக நிற்காது. நாலைந்தாகச் சேர்ந்து சீப்புப் பற்கள்போல நுனி ஒட்டியிருக்கும். ஒளியும் மேட்டில் மட்டும் ஒடுங்காமல் பள்ளத்திலும் வழிந்திருக்கும்.

கழுத்துக்குப் பின்னால் முடியைப் பிரித்தேன். முடியில் சாய்வாக ஒட்டிய வெள்ளைப் பொடிகள், எல்லாம் ஒரே அளவு. ஊதினால் பறக்கவில்லை, நகத்தால் உருவினால்தான் வந்தது. பேன் முட்டை. பொடுகாகவோ தவிடாகவோ இருந்தால் அளவு கலந்திருக்கும், ஊதினால் போகும். 5-ஆம் ஆட்டிலும் இதே. அது கொட்டகை மூங்கிலில் உரசி உரசி இடது தோளில் முடி தேய்ந்திருந்தது. அந்தத் தோள் ஒரு படத்தில்கூட இல்லை. 5-க்கு வந்த நாலு படமும் வலப்பக்கம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

10-ஆம் ஆட்டுக்கு நான் சுத்தத்தில் ஒன்று போட்டிருந்தேன். முழங்காலும் வயிறும் சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக இருந்தது. நேரில் அது வெறும் காய்ந்த களி. நம் வயல் களிமண் காய்ந்தால் கறுப்பு முடியில் இப்படித்தான் எடுத்துக்காட்டும். தடவினால் உதிர்ந்துவிட்டது, அடியில் முடி பழுதில்லை. களி ஒட்டிய முழங்காலை இனிமேல் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாலடியில் சாணம் ஒட்டிக் காய்ந்திருந்தால்தான் நிற்க வேண்டும். அது அழுக்கு இல்லை, கழிச்சல். படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் முகத்தையும் பக்கவாட்டையும் எடுப்பார்கள், வாலைத் தூக்கி ஒரு படம் கேட்டால்தான் வரும்.

எடுத்ததும், 7-ஆம் ஆடும்

முடிவில் தம்பி 1, 3, 4, 6, 11 ஆகிய ஐந்தை எடுத்தான். 2, 5, 9 வேண்டாம் என்றோம். ஆறாவதாக 10-ஐ எடுக்கச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "7-ஐ விலை குறைச்சுத் தர்றாராம்ணே, எலும்பு நல்லாருக்கு" என்று அதை ஏற்றிவிட்டான். எலும்புக்கட்டு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

வந்த மூன்றாம் நாள் 7-ஐ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். எனக்குத் தாமிரச் சத்துக் குறைவு என்று தோன்றியது. முடியின் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். குறைந்தால் கறுப்பு துருநிறமாகும் என்று தெரியும். தாமிரம் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். மருத்துவர் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய உள்பக்கம் வெளிறிக் கிடந்தது. சாணத்தைப் பரிசோதித்ததில் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவின் முட்டைகள். நீர் தேங்கிய வயல் வரப்பில் மேய்ந்த ஆடு, வியப்பில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. வயிற்றில் புழு இருந்தால் தின்ற தாமிரமும் உடம்பில் சரியாகச் சேராது. போதாததற்கு, தண்ணீர் நிற்கும் மண்ணில் முளைத்த புல்லில் மாலிப்டினம் கூடும். அதுவும் கந்தகமும், புல்லோடு உள்ளே போகும் மண்ணின் இரும்பும் சேர்ந்து தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஆகவே தீவனத்தில் தாமிரம் இருந்தும் ஆட்டுக்குக் குறையலாம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தாமிரம் கொடுக்கக்கூடாது. செம்மறிக்குக் கொஞ்சம் கூடினாலே ஈரலில் சேர்ந்து ஒரு நாள் திடீரென்று கொன்றுவிடும். வெள்ளாடு அதைவிடத் தாங்கும் என்றாலும் அளவு மீறினால் அதற்கும் விஷம்தான். முடி நிறத்தை மட்டும் பார்த்து மருந்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லி, எடைக்கேற்ற குடற்புழு மருந்தும் வெள்ளாட்டுக்கான தாது உப்புக் கலவையும் எழுதிக்கொடுத்தார். மேய்ச்சலைப் பனி காய்ந்த பிறகு, மேட்டு நிலத்துக்கு மாற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு தம்பிக்குப் படம் எடுக்கும் முறையை மாற்றிக் கொடுத்தேன். காலை ஒன்பது மணிக்கு மேல், தார்ப்பாயோ மரநிழலோ மேலே இல்லாமல், சுவரின் நிழலில் வானம் திறந்த இடத்தில் ஆட்டை நிறுத்த வேண்டும். பக்கத்தில் வெள்ளை வேட்டியின் ஒரு மடிப்பும் விரித்த கறுப்புக் குடையும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும். வேட்டி நீலமாகவோ மஞ்சளாகவோ வந்தால் அந்தப் படத்தில் நிறம் பேசக்கூடாது. குடையின் மடிப்புகள் தெரியாமல் ஒரே கறுப்பாக அப்பியிருந்தால் வெளிச்சம் குறைவு, ஆட்டின் மேல் உள்ள திட்டுகளும் அதோடு மறைந்திருக்கும். வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்திய 8-ஆம் ஆட்டின் பழைய படம் அப்படித்தான் ஏமாற்றியது. மூன்று அடி பின்னால் நின்று எடுப்பதைவிட ஏழெட்டு அடி தள்ளி நின்று கொஞ்சம் 'ஜூம்' செய்வது நல்லது. கிட்டத்தில் எடுத்தால் தோள் பெருத்துப் பின்பக்கம் சிறுத்துத் தெரியும். இரண்டு பக்கமும், வாலடியும், பிரித்த முடி மூன்று இடத்திலும். ஒரு ஆட்டுக்கு ஆறு படம்.

சித்திரை கடைசியில் இரண்டு படம் வந்தது, எண் போடாமல். இரண்டிலும் விலாப்புறத்து முடி பிரிந்திருந்தது. ஓரத்தில் வேட்டி வெள்ளையாக, குடை மடிப்பு மடிப்பாக, நாணயம் பளிச்சென்று. குறை சொல்ல ஒன்றுமில்லாத படங்கள். இரண்டு ஆட்டுக்கும் அடிமுடி கரிக்கறுப்பு, நுனி மட்டும் செம்பழுப்பு. கீழே "எது 4, எது 7, சொல்லுங்க பாப்போம்" என்று எழுதியிருந்தான்.

வெகுநேரம் பார்த்தேன். மருந்துக்குப் பிறகு 7-க்குப் புதிதாக முளைத்த முடி கறுப்பாக வந்திருக்கிறது, பழைய பழுப்பு நுனிக்கு ஏறியிருக்கிறது. 4-க்கு வெயில் நுனியை வெளுத்திருக்கிறது. பிரித்த முடியில் இரண்டும் ஒன்றுதான். "மூஞ்சியை எடுத்து அனுப்புடா" என்றேன். அனுப்பினான். ஒன்றின் கண்ணைச் சுற்றி அந்த வெளுத்த வளையம் இன்னும் மங்கலாக இருந்தது.